அரை மணி தவறினால் ஒன்றரை நாள்

மேலூர் பக்கம் அரிசி ஆலை நடத்தும் என் தங்கை கணவருக்கு ஒரு சந்தேகம் உண்டு. "கரண்ட் போய் வந்தா ஸ்டார்ட்டரை அமுக்குறோம், மோட்டார் ஓடுது. உங்க உலை நின்னா மட்டும் ஏன் மச்சான் ஒன்றரை நாள்?"

நியாயமான கேள்வி. பணி ஓய்வு பெற்று மதுரைக்கு வந்த பிறகு, நான் அணுமின் நிலையத்தில் இருந்தவன் என்று தெரிந்தாலே பலரும் இதைத்தான் கேட்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்ட உலையில். யுரேனியம் பிளக்கும்போது உண்டாகும் துண்டுகளில் அயோடின்-135 ஒன்று. சுமார் 6.6 மணி நேரத்தில் அதில் பாதி சிதைந்து செனான்-135 ஆகிறது. இந்தச் செனான், பிளவைத் தொடர வைக்கும் நியூட்ரான்களை விழுங்குவதில் பேராசைக்காரன். உலைக்குள் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்வது கடினம். முழுத் திறனில் ஓடும்போது இது பெரிய தொல்லை இல்லை. உண்டாகும் செனானில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, நியூட்ரானை விழுங்கியே செனான்-136 ஆக மாறிவிடும். அது அவ்வளவாக விழுங்காது. மீதிதான் தானாகச் சிதையும். வரவும் செலவும் சமமாகி, நூற்றுக்கு மூன்று என்ற அளவில் நியூட்ரான்களைச் செனான் எடுத்துக்கொள்ளும். எரிபொருளில் அதற்கு இடம் விட்டுத்தான் உலையை நடத்துகிறோம்.

உலை நின்றால் நியூட்ரான் இல்லை, அந்தப் பத்தில் ஒன்பது செலவும் நின்றுவிடும். அயோடினோ சிதைந்துகொண்டே இருக்கும். மேலே மழை விட்ட பிறகும் அணைக்கு நீர்வரத்து இருக்கும்போது ஷட்டரை இறக்கினால் என்ன ஆகும்? வைகைக் கரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சுமார் பத்து மணி நேரத்தில் செனான் பல மடங்கு ஏறி உச்சத்துக்குப் போகும். அப்புறம்தான் இறக்கம். அதுவும் மெதுவாக, ஏனென்றால் செனானின் அரை ஆயுள் சுமார் 9 மணி.

இதை ஈடுகட்ட எங்களிடம் இருந்தது அட்ஜஸ்டர் ராடுகள். இவையும் நியூட்ரானை விழுங்குபவைதான். சாதாரணமாக உள்ளே இருக்கும், வெளியே இழுத்தால் நியூட்ரான் கணக்கில் ஒன்றரை சதவீதம் போலக் கிடைக்கும். நின்றதும் செனான் ஏறும் வேகத்துக்கு அந்தக் கையிருப்பு அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கிளப்பவில்லை என்றால் எல்லா ராடையும் இழுத்தாலும் நியூட்ரான் எண்ணிக்கை ஏறாது. செனான் போதிய அளவு இறங்கும்வரை ஒன்றரை நாள் போலக் காத்திருக்க வேண்டியதுதான். கட்டுப்பாட்டு அறையில் அதைத்தான் 'பாய்சன் அவுட்' என்போம்.

ஓர் இரவு ஷிப்டில் நீராவி ஜெனரேட்டரில் நீர்மட்டம் குறைந்து உலை ட்ரிப் ஆனது. மூன்று சேனல்களில் இரண்டு குறைவு என்று சொன்னதால், பொய் சிக்னல் என்று தள்ளிவிட முடியவில்லை. ஃபீட் பம்ப் ஒன்று நின்றிருந்தது. மாற்று பம்ப் தானாக எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. பம்ப் நின்ற காரணம் சீக்கிரம் கிடைத்துவிட்டது. மாற்று பம்ப் ஏன் எடுக்கவில்லை என்பதுதான் பிடிபடவில்லை. கடிகாரம் பாதியைத் தாண்டியபோது ஒருவர், "இருக்கிற பம்பை வச்சே கிளப்பிடலாமே சார்?" என்றார். ஷிப்ட் பொறுப்பாளர், "காரணம் தெரியாம கிளப்ப மாட்டேன். போனா போகட்டும்" என்று சொல்லிவிட்டார். மின்சாரக் கணக்கில் அது கனமான நஷ்டம்தான். ஆனால் அரை மணி என்பது வாய்ப்பே தவிரக் கெடு அல்ல என்பது என் கருத்து. 1986 ஏப்ரலில் செர்னோபிலில், செனானால் சரிந்த திறனை ஏற்றுவதற்காகப் பெரும்பாலான கட்டுப்பாட்டு ராடுகளை வெளியே இழுத்தார்கள். உலை கவிழ்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியே மின் வலைப்பின்னலில் கோளாறு, உலையில் கோளாறு இல்லை என்றால் வேறு வழி உண்டு. உலையை நிறுத்தாமல் அறுபது சதவீதம் போல ஓட்டி, நீராவியை டர்பைனைச் சுற்றி கண்டென்சருக்கு விடலாம். நியூட்ரான் இருக்கும்வரை செனான் எரிந்துகொண்டே இருக்கும்.

கூடங்குளத்தில் இந்தத் தவிப்பு குறைவு. அங்கே செறிவூட்டிய எரிபொருள்; குளிர்விக்கும் நீரிலேயே நியூட்ரானை விழுங்கும் போரான் கரைத்திருப்பார்கள். செனான் ஏறினால் போரானைக் குறைத்துக்கொள்ளலாம். எரிபொருள் சுற்றின் கடைசி வாரங்களில் குறைக்க போரானே மிச்சமிருக்காது, அப்போது அவர்களும் காத்திருக்க வேண்டியதுதான்.

அன்று நாங்கள் காத்திருந்த நேரத்தில் மாற்று பம்பின் ரிலேயில் பழுதைக் கண்டுபிடித்து மாற்றினார்கள். கூடவே தள்ளிப்போட்டிருந்த சில வால்வு வேலைகளும் முடிந்தன. உலை கிரிட்டிகல் ஆகி, அதாவது பிளவு தானே தொடரும் நிலைக்கு வந்து, திறன் ஏறத் தொடங்கியதும் தலைகீழ் வேலை: மிச்சமிருக்கும் செனான் மளமளவென்று எரியும், வெளியே இழுத்த ராடுகளை ஒன்றொன்றாக உள்ளே விட வேண்டும். அன்றைய ஷிப்ட் முழுவதும் கண்ணை எடுக்காமல் பார்த்தது அதைத்தான்.