கண்ணை மூடிக்கொண்டு முழங்காலை மடக்கினேன், ஏழு டிகிரி தவறியது

முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் ஏசிஎல் லிகமென்ட் அறுந்து அறுவை சிகிச்சை முடிந்த நாலாவது மாதம் எனக்கு ஒரு பரிசோதனை செய்தார்கள். பார்க்கச் சுலபமானதுதான். உயரமான கட்டிலின் விளிம்பில் உட்கார வைத்து, கண்ணைக் கட்டி, பிசியோ என் காலைப் பிடித்து ஒரு கோணத்தில் ஐந்து நொடி நிறுத்துவார். "இதை நினைவில் வைச்சுக்கோங்க." பிறகு காலை முழுக்கத் தொங்கவிட்டு, மறுபடி மெதுவாகத் தூக்கிக்கொண்டே வருவார், அதே இடம் வந்துவிட்டது என்று தோன்றும்போது நான் "நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். நிறுத்திய கோணத்துக்கும் காட்டிய கோணத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் பிழை.

நேராக நீட்டிய கால் 0 டிகிரி, தொங்கும் கால் 90. காட்டியது 45. நல்ல காலில் நான் நிறுத்தச் சொன்னது 44, 47, 46. அறுவை செய்த காலில் 52, 53, 51. சராசரி பிழை ஏழு டிகிரி. எனக்குப் பயம் வந்துவிட்டது. லிகமென்டுக்குள் உணர்வு நரம்பு முனைகள் இருக்கின்றன, அது அறுந்தால் அவையும் போய்விடும், வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டிய தசைநாணுக்கு அந்த உணர்வு வராது என்று எங்கேயோ படித்திருந்தேன். சரி, என் முழங்கால் தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாத கால் ஆகிவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

பிசியோ அதைக் கேட்டுவிட்டு, "மூட்டுதான் கோணத்தை அளக்குதுன்னு யார் சொன்னா?" என்றார். இடுப்பு மூட்டையே எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்தவர்களுக்கும் கண்ணை மூடினால் தொடை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது ஏறக்குறையத் தெரிகிறதாம். மூட்டைச் சுற்றியுள்ள உறையிலும் லிகமென்டிலும் உணர்விகள் இருப்பது உண்மைதான், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை மூட்டு அதன் எல்லையை நெருங்கும்போதுதான் பலமாகக் குரல் கொடுக்கும், இதற்கு மேல் போகாதே என்று. நடுவில், அதாவது நாம் நாள் முழுக்கப் புழங்கும் கோணங்களில், முக்கியமான வேலையைச் செய்வது தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள். ராட்டையில் நூல் சுற்றும் கதிரைப் போல நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒல்லியாக இருப்பதால் அந்தப் பெயர். சில மில்லிமீட்டர் நீளம். தசை நீண்டால் அதுவும் இழுபடும், இழுபட்டால் அதிலிருந்து போகும் நரம்புத் துடிப்பு அதிகமாகும். முழங்கால் மடங்க மடங்க முன்தொடைத் தசை நீள்கிறது, அதனால் 'தசை இவ்வளவு நீளம்' என்பதையே மூளை 'கால் இவ்வளவு மடங்கியிருக்கிறது' என்று படிக்கிறது. தோலின் இழுப்பும் கொஞ்சம் உதவும். எனவே முட்டியில் இறுக்கமான உறை மாட்டிக்கொண்டு இந்தப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், அதன் இழுப்பே கோணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நான் நம்பாத முகத்துடன் இருந்ததால் அவர் அதிர்வுக் கருவி ஒன்றை எடுத்து வந்தார். என் வலது முழங்கையை மேசை மேல் மடக்கி அசையாமல் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, முன்கையை மடக்கும் தசையின் தசைநாணில், முழங்கைக் குழிக்குச் சற்று மேலே, நொடிக்குச் சுமார் 80 அதிர்வு வைத்து அழுத்தினார். இடது கையால் வலது கை இருக்கும் நிலையைக் காட்ட வேண்டும். சில நொடிகளில் வலது கை மெல்ல நீள்வது போல இருந்தது, இடது கையும் கூடவே நீண்டது. கண்ணைத் திறந்தால் வலது கை வைத்த இடத்திலேயே இருக்கிறது! அதிர்வு தசைக்கதிர்களைத் தூண்டுகிறது, மூளைக்கு 'தசை நீண்டுகொண்டே போகிறது' என்ற செய்தி போகிறது, அந்தத் தசை நீள வேண்டுமானால் முழங்கை விரிந்திருக்க வேண்டும் என்று மூளை கணக்குப் போடுகிறது. 1972இல் குட்வின், மெக்லோஸ்கி, மேத்யூஸ் மூவரும் வெளியிட்ட சோதனை இது, அதில் 40 டிகிரி வரைகூடப் பிசகியது. (இதையே மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தால் சிலருக்கு மூக்கு முழ நீளம் வளர்வது போல இருக்குமாம். நான் பிடித்துப் பார்த்தேன், எனக்கு வளரவில்லை, வருத்தம்தான்.) இத்தனைக்கும் என் முழங்கை மூட்டில் எந்தக் குறையும் கிடையாது.

அப்படியானால் முழங்காலில் வந்த ஏழு டிகிரி எங்கிருந்து? அவர் என் மூன்று எண்களைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். 52, 53, 51. உணர்வு மங்கிய கால் என்றால் ஒருமுறை 38, ஒருமுறை 55 என்று சிதற வேண்டும், இதுவோ ஒரே பக்கம், கிட்டத்தட்ட ஒரே அளவு. குறி சரியாகத்தான் இருக்கிறது, அளவுகோல்தான் நகர்ந்திருக்கிறது. சராசரியை மட்டும் எழுதி வைத்திருந்தால் இது தெரிந்திருக்காது.

கால் தொங்கும்போது நான் என்ன செய்கிறேன் என்று தொடையில் கை வைத்துப் பார்த்தார். அறுவை செய்த காலை மட்டும் நான் பயத்தில் இறுக்கிக்கொண்டிருந்தேன், எனக்கே தெரியாமல். தசைக்கதிருக்குள் இருக்கும் நார்களுக்கு ஒரு குணம் உண்டு, கடைசியாக எந்த நீளத்தில் இறுகித் தளர்ந்ததோ அந்த நீளத்தில் சற்று விறைத்து நின்றுவிடும். 90இல் இறுக்கிவிட்டுத் தளர்த்திய காலை அவர் தூக்கும்போது முன்தொடைத் தசை சுருங்குகிறது, உள்ளே இருக்கும் கதிர் கூடவே சுருங்காமல் தொய்ந்துவிடுகிறது, துடிப்பு குறைகிறது. மூளைக்குக் கால் உண்மையில் இருப்பதைவிட நேராக இருப்பதாகப் படுகிறது. ஆகவே 45 வருவதற்கு முன்பே, 52இலேயே, "நிறுத்துங்க" என்கிறேன். ஆனால் 45ஐ எனக்குக் காட்டியபோது அவர் காலை நேர்நிலையிலிருந்து கீழே இறக்கியல்லவா கொண்டு வந்தார், அப்போது கதிர் இழுபட்டு விறைப்பாக இருந்தது. காட்டியது ஒரு வழியில், கேட்டது இன்னொரு வழியில். நானே என் சக்தியில் காலைத் தூக்கியிருந்தால் இந்தத் தொய்வு பெரிதாக வந்திருக்காது, ஏனென்றால் தசைக்கு ஆணை போகும்போதே கதிருக்கும் ஆணை போய்த் தொய்வை இழுத்துவிடும்.

அதனால் முறையை மாற்றினார். காட்டும்போதும் கேட்கும்போதும் காலை முதலில் முழுக்க நீட்டி, முன்தொடையை லேசாக ஒரு முறை இறுக்கித் தளர்த்தி, அங்கிருந்தே கீழே இறக்கி வந்தார். அன்றே செய்யவில்லை, உடற்பயிற்சி முடிந்த களைப்பிலும் பிழை கூடும் என்று மறுநாள் வரச் சொன்னார், அதுவும் பயிற்சிக்கு முன்பு. இந்த முறை அதே காலில் 47, 43, 49. பிழை இரண்டு, இரண்டு, நாலு. நல்ல காலைவிடச் சற்றுக் கூடுதல், இரு பக்கமும் சிதறியிருக்கிறது, உண்மையில் கொஞ்சம் உணர்வுக் குறைவு இருக்கலாம். ஆனால் கையில் பிடித்து அளக்கும் கோணமானியே ஒன்றிரண்டு டிகிரி தவறும், அதனால் இந்த அளவு வித்தியாசத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றார். "இந்த எண் நல்லா வந்துட்டாலே ஓடலாம்னு அர்த்தமில்ல, அதுக்குத் தனியா தாவிப் பார்க்கணும், பலம் பார்க்கணும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு என் கோப்பைத் திறந்து முந்தைய நாள் வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் சின்னதாக எழுதினார்: தொடையை இறுக்கியிருந்தார், கணக்கில் சேராது.