கோகோ விலையும் என் பிஸ்கட் பாக்கெட்டும்: ஒரு நாட்குறிப்பு

ஏப்ரல் 3, 2024

கோகோ பவுடர் சப்ளையர் புது ரேட் அனுப்பிருக்கார், பாத்ததும் ஃபோன கீழ வச்சுட்டேன். போன வருஷம் இதே நேரம் உலகச் சந்தைல கோகோ கொட்டை ஒரு டன் மூவாயிரம் டாலருக்கும் கீழ, போன மாசக் கடைசில பத்தாயிரத்த தொட்டுடுச்சு. ஐவரி கோஸ்ட், கானா ரெண்டும் சேந்துதான் உலகத்துல பாதிக்கு மேல கோகோ தருது, அங்க பருவநிலை சரியில்ல, மரத்துக்கு வைரஸ் நோய் வேற. புது மரம் நட்டாலும் காய்க்க சில வருஷம் ஆகும், அதனால அடுத்த மாசம் எறங்கிடும்னு காத்திருக்கறதுல பிரயோஜனம் இல்ல. போதாததுக்கு வெண்ணெயும் ஏறிட்டிருக்கு.

ஏப்ரல் 5

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். பணமா எழுதினா குழம்பும்னு 200 கிராம் பாக்கெட்டோட கடை விலைய 100னு வச்சுக்கிட்டேன், உள்ள 20 பிஸ்கட். கடைக்காரருக்கு 20 போக எனக்கு வர்றது 80. போன வருஷம் சரக்கு 30, கவரும் லேபிளும் 6, ஆள் கூலி, ஓவன், வண்டி எல்லாம் 24, கையில நின்னது 20. இப்ப கோகோ மட்டும் 5லேர்ந்து 13, வெண்ணெய் 12லேர்ந்து 15, சரக்கு மொத்தம் 41 ஆயிடுச்சு, கையில 9தான். அந்த 11 எங்கேர்ந்து வரும்ங்கறதுதான் கேள்வி.

ஏப்ரல் 8

எல்லாரும் மொதல்ல சொல்றது "எடைய கொற, யாருக்குத் தெரியப்போகுது"ன்னுதான். சரி பாப்போம்னு 20 பிஸ்கட்ட 18 ஆக்கிப் பாத்தேன், சரக்குல பத்துல ஒரு பங்கு மிச்சம், அதாவது 4.1, அவ்ளோதான். கவர் அதே கவர், ஓட்டற ஆள் அதே ஆள், வண்டி அதே வண்டி, இதுல எதுவும் ரெண்டு பிஸ்கட் போனதால கொறையாது. வாங்கறவங்களுக்கு 10 சதவீதம் போகுது, எனக்கு வர்றது அதுல பாதி கூட இல்ல. முழு 11ஐயும் எடையிலயே புடிக்கணும்னா 20 பிஸ்கட் 15க்கு கீழ எறங்கணும், பாக்கெட்ட தூக்கினாலே கொழந்தைக்குக் கூடத் தெரிஞ்சிரும்.

விலைய 110 ஆக்கினா? கடைக்காரர் பங்கு சதவீதக் கணக்கு, அதனால எனக்கு 10 வராது, 8தான் வரும். அப்பவும் எடை கொறைக்கறத விட ரெண்டு மடங்கு.

ஏப்ரல் 9

விலைய ஏத்தினா ஆளுங்க போயிடுவாங்களேங்கற பயத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. ஒரு பாக்கெட் விக்கலன்னா எனக்கு மிச்சமாறது சரக்கு 41, கவர் 6, மொத்தம் 47தான், கூலியும் ஓவனும் எப்படியும் ஓடிட்டே இருக்கும். பழைய விலைல ஒரு பாக்கெட் 80லேர்ந்து 47 போக 33 தருது, புது விலைல 88லேர்ந்து 47 போக 41. அப்ப 100 பாக்கெட் பழைய விலைல தர்றத புது விலைல 81 பாக்கெட்டே தந்துரும். அஞ்சுல ஒருத்தர் விட்டுட்டுப் போனாத்தான் எனக்கு நட்டம் தொடங்கும். அவ்ளோ பேர் போவாங்கன்னு எனக்குத் தோணல, ஆனா போறவங்க யாருங்கறதும் முக்கியம், வாராவாரம் ஆறு பாக்கெட் எடுக்கற ஆள் போனா இந்தக் கணக்கே மாறிடும்.

ஏப்ரல் 17

8 வந்தாலும் 3 பாக்கி. அதுக்குத்தான் ரெசிபிய தொடப் போறேன், அதுவும் கோகோவ மட்டும். வெண்ணெய தொடமாட்டேன், அது வாய்ச் சூட்டுலயே உருகிடும், அதுக்குப் பதிலா போடற கெட்டிக் கொழுப்பு பலதும் அவ்ளோ சீக்கிரம் உருகாது, மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒட்டும். பழைய ஆளுங்க மொதல் கடிலயே சொல்லிடுவாங்க.

கோகோல ரெண்டு ரகம். சாதாரணம் கொஞ்சம் புளிப்பு, அது சமையல் சோடாவோட சேந்துதான் பிஸ்கட்ட எழுப்பும். புளிப்ப முறிக்க ஆல்கலி சேத்த ரகம் இருக்கே, அது கருப்பா இருக்கும், புளிப்பு போயிருக்கும். அந்தக் கருப்புக்காகத்தான் பாதி பாதி கலக்கறேன், அளவு கொறைஞ்சாலும் நிறம் வெளுக்காது. ஆனா புளிப்பு கொறஞ்சா சோடாவுக்கு வேலை கொறையும், மிச்ச சோடா அப்படியே நின்னு சோப்பு மாதிரி ருசிக்கும். அதனால 4 கிராம் சோடாவ 2 ஆக்கி, எடுத்த 2க்கு பதிலா 6 கிராம் பேக்கிங் பவுடர். ஒரு ஈடுக்கு 40 கிராம் கோகோ போட்டது 34, கூட ஒரு சிட்டிகை காபித்தூள், காபி வாசன தெரியாத அளவுக்குத்தான், கோகோ ருசிய தூக்கிக் காட்டும்.

ஏப்ரல் 24

"நல்லாருக்கா"ன்னு கேட்டா எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க, அது சோதனையே இல்ல. ஒவ்வொருத்தருக்கும் மூணு பிஸ்கட், அதுல ரெண்டு ஒரே ரெசிபி, ஒண்ணு வேற, எது வேறன்னு மட்டும் கேட்டேன். நடுவுல தண்ணி, லைட்ட மங்கலாக்கிட்டேன், இல்லன்னா நிறத்த வச்சே சொல்லிருவாங்க. 12 பேர்ல சும்மா குருட்டுத்தனமா சொன்னாலே சராசரியா 4 பேர் சரியா சொல்வாங்க, 8 பேர் சொன்னாத்தான் நெஜமாவே தெரியுதுன்னு எடுத்துக்கலாம். 34 கிராமுக்கு 5 பேர். பேராசைல 30 கிராமும் போட்டுப் பாத்தேன், 9 பேர் புடிச்சுட்டாங்க. 34லயே நிறுத்திட்டேன்.

ஒண்ணு இங்க எழுதி வைக்கிறேன்: அடுத்த தடவ கொறைச்சாலும் ஒப்பிட வேண்டியது 40 கிராம் பிஸ்கட்டோடதான், 34 கிராமோட இல்ல. போன மாசத்தோட மட்டும் ஒப்பிட்டுட்டே போனா ஒவ்வொரு படியும் தெரியாது, நாலாவது படில வேற பிஸ்கட் வித்துட்டிருப்போம்.

இதுல மிச்சம் ஏறக்குறைய 2. விலைல 8, ஆக 10. கையில 19.

மே 2

மே 20லேர்ந்து 110ன்னு கடைகளுக்கும் நேரா வாங்கறவங்களுக்கும் சொல்லியாச்சு. "கோகோவும் வெண்ணெயும் ஏறிடுச்சு, எடை அதே 200 கிராம், விலை 110"ன்னு ரெண்டே வரி, மன்னிப்பு கேட்டு நீட்டி முழக்கல. லேபிள்ல சேர்மானப் பட்டியலயும் மாத்திட்டேன், பேக்கிங் பவுடரும் காபித்தூளும் புதுசு இல்லையா.

அக்கா இன்னும் "சத்தமில்லாம எடைய கொறச்சிருக்கலாம்"னுதான் சொல்றா. 2016ல பிரிட்டன்ல டாப்லரோன் சாக்லேட் 400 கிராம 360 ஆக்கினப்ப முக்கோணங்களுக்கு நடுவுல இடைவெளிய பெருசாக்கினாங்க, ஊரே சிரிச்சுது, ரெண்டு வருஷத்துல பழைய வடிவத்துக்கு வந்துட்டாங்க. ஃப்ரான்ஸ்ல வர்ற ஜூலை 1லேர்ந்து பெரிய கடைங்க எடை கொறஞ்சு கிலோ விலை ஏறின சாமானுக்குப் பக்கத்துலயே அத எழுதி வைக்கணும்னு விதியே போட்டுட்டாங்க. எடை கொறைக்கறது தப்புன்னு சொல்லல, மறைச்சு கொறைக்கறதுதான் வம்பு.

மே 16

ஆர்டர் எகிறுது! சந்தோஷப்பட ஒண்ணுமில்ல, விலை ஏறறதுக்குள்ள வாங்கி அடுக்கறாங்க. இதுக்கு அடுத்து ஒரு பள்ளம் கண்டிப்பா வரும், அதப் பாத்து பயந்து விலைய எறக்கக் கூடாதுன்னு இப்பவே எழுதி வச்சுக்கறேன்.

ஜூன் 6

பள்ளம் வந்துச்சு, போன மாச சராசரில மூணுல ஒரு பங்கு காணோம். அக்கா மொகத்தப் பாக்கணுமே. நான் மொத்த எண்ணிக்கைய பாக்கல, வழக்கமா வாங்கறவங்க பேர் பட்டியல வச்சு யார் திரும்ப வந்தாங்க, யார் வரலன்னு டிக் போட்டுட்டிருக்கேன்.

ஜூலை 4

விற்பன பழையதுல 90 சதவீதத்துல நிக்குது, 81க்கு மேல, போதும். வாராவாரம் எடுக்கறவங்க எல்லாரும் வந்துட்டாங்க. வராதவங்க பெரும்பாலும் கடைல எப்பவாவது எடுக்கறவங்க, அவங்களுக்காக 12 பிஸ்கட் பாக்கெட் ஒண்ணு 70க்கு யோசிக்கறேன். ஒரு பாக்கெட்ல சரக்கும் கவரும் போக 27 கிட்டதான் நிக்கும், பெருசுல 43 நிக்குது. பெரிய பாக்கெட் எடுக்கறவங்க இதுக்கு எறங்கிட்டா எனக்கு அடி, அதனால ரெண்டு கடைல மட்டும் வச்சு அங்க பெருசு கொறையுதான்னு பாத்துட்டுதான் மத்த கடைக்கு.