மிச்சமிருந்த ஐந்து லட்சம்: கேப்பிட்டல் ரேஷனிங் கணக்கில் நான் கோட்டைவிட்ட இடம்

சி.ஏ. இன்டர் முதல் முறை எழுதியபோது ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட்டில் கேப்பிட்டல் ரேஷனிங் கணக்கு, அதாவது இருக்கும் பணம் போதாதபோது எந்தத் திட்டங்களை எடுப்பது என்ற கணக்கு, வந்தது. நன்றாகத் தெரிந்த கணக்குதான். ஒவ்வொரு திட்டத்துக்கும் ப்ராஃபிடபிலிட்டி இண்டெக்ஸ், அதாவது பி.ஐ., போட்டு, பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, பணம் தீரும்வரை எடுத்துக்கொண்டே போனேன். கேள்வியின் கடைசி வரியில் "திட்டங்களைப் பகுதியாக எடுக்க முடியாது" என்று இருந்தது. பணம் போதாத திட்டத்தை விட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று முடித்துவிட்டேன். அது தவறான விடை.

அடுத்த முறைக்குப் படிக்கும்போது ஆர்டிகிள்ஷிப்பில் எனக்கு சீனியராக இருந்த அண்ணனிடம் அதே மாதிரி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினேன். அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு நிறுவனம். இந்த வருடம் முதலீட்டுக்கு 50 லட்சம்தான் இருக்கிறது. கையில் ஐந்து திட்டங்கள்:

| திட்டம் | முதலீடு (லட்சம்) | என்.பி.வி. (லட்சம்) | பி.ஐ. |
|---|---|---|---|
| பேக்கிங் மெஷின் | 15 | 4.8 | 1.32 |
| அரவை மெஷின் | 30 | 9 | 1.30 |
| குளிர் அறை | 25 | 7 | 1.28 |
| சோலார் | 20 | 5 | 1.25 |
| டெலிவரி வேன் | 10 | 2 | 1.20 |

ஐந்துக்குமே நிகர நிகழ்கால மதிப்பு, அதாவது வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பில் முதலீட்டைக் கழித்தால் மிஞ்சும் என்.பி.வி., பாசிட்டிவ். பணம் இருந்தால் ஐந்தையும் எடுக்கலாம். ஆனால் மொத்தம் ஒரு கோடி வேண்டும், இருப்பதோ அதில் பாதி. இந்த நிலைமையில்தான் பி.ஐ.க்கு வேலை வருகிறது. வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பை முதலீட்டால் வகுத்தால் வருவதுதான் பி.ஐ.; பேக்கிங் மெஷினுக்கு 19.8 ÷ 15 = 1.32. தட்டுப்பாடான பணத்தில் ஒரு ரூபாயைப் போட்டால் 32 பைசா என்.பி.வி. கிடைக்கிறது என்று இதைப் படிக்க வேண்டும். தட்டுப்பாடு இல்லாத இடத்தில் இந்த வரிசைக்கு அவசியமே இல்லை.

திட்டங்களைப் பிரித்து எடுக்கலாம் என்று கேள்வி சொன்னால் கதை சுலபம். பேக்கிங் 15, அரவை 30, ஆக 45 போயிற்று. மீதி 5 லட்சத்துக்குக் குளிர் அறையில் ஐந்தில் ஒரு பங்கு, அதன் என்.பி.வி. 1.4. மொத்தம் 4.8 + 9 + 1.4 = 15.2 லட்சம்.

பிரிக்க முடியாது என்றால்? நான் பேக்கிங், அரவை இரண்டையும் எடுத்து 13.8 லட்சம் என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலால் "மீதி 5" என்று ஒரு சின்னக் குறிப்பு. அண்ணன் விடையைப் பார்க்கவே இல்லை, அந்தக் குறிப்பின் மேல் விரலை வைத்தார். "தம்பி, இந்த அஞ்சு லட்சம் என்ன சம்பாதிக்குது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்லண்ணா" என்றேன்.

"அப்போ அதுக்கும் ஒரு பி.ஐ. இருக்கில்ல?"

எனக்கு விஷயம் பிடிபட்டது அப்போதுதான். சும்மா கிடக்கும் பணம் காஸ்ட் ஆஃப் கேப்பிட்டல் விகிதத்தில்தான் வளரும் என்று வைத்துக்கொள்கிறோம், அதனால் அதன் என்.பி.வி. பூஜ்யம், பி.ஐ. சரியாக 1. நான் எடுத்த விடையில் 45 லட்சம் நன்றாக உழைக்கிறது, 5 லட்சம் தூங்குகிறது. 50 லட்சத்துக்கும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 63.8 ÷ 50 = 1.276. அதே சமயம் அரவையும் சோலாரும் சேர்ந்தால் சரியாக 50 லட்சம், என்.பி.வி. 14 லட்சம், சராசரி 1.28. பட்டியலில் முதலில் நிற்கும் பேக்கிங் மெஷினை விட்டுவிட்டு, நான்காவதாக நிற்கும் சோலாரை எடுப்பதுதான் சரியான விடை.

இதை முதலில் பார்க்கும்போது மனம் ஒப்பாது. அதனால் எல்லாச் சேர்க்கைகளையும் எழுதிப் பார்ப்பதுதான் வழி. ஐந்து திட்டங்கள் என்றால் 32 சேர்க்கை வருமே என்று பயப்பட வேண்டாம். இன்னொரு திட்டத்தைச் சேர்க்க இடமில்லாத அளவுக்கு நிரம்பியவற்றை மட்டும் எழுதினால் போதும். இங்கே ஆறுதான்: அரவை + சோலார் 14, அரவை + பேக்கிங் 13.8, குளிர் அறை + பேக்கிங் + வேன் 13.8, குளிர் அறை + சோலார் 12, சோலார் + பேக்கிங் + வேன் 11.8, அரவை + வேன் 11. பெரிய திட்டத்தில் தொடங்கி இறங்கி வந்தால் எதுவும் விட்டுப்போகாது.

ஒரு எச்சரிக்கை. என்.பி.வி. பெரியதிலிருந்து எடுத்துக்கொண்டு போனாலும் இந்தக் கணக்கில் அதே விடை வரும்: அரவை, குளிர் அறைக்குப் பணம் போதாது, அப்புறம் சோலார். உடனே அதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பட்ஜெட்டை 40 லட்சமாக மாற்றிப் பாருங்கள். என்.பி.வி. வரிசை அரவை + வேன் என்று 11 லட்சத்தில் நிற்கும். பி.ஐ. வரிசையில் போனால் பேக்கிங், குளிர் அறை, 11.8 லட்சம். பிரிக்க முடியாத திட்டங்களில் எந்த வரிசையையும் நம்ப முடியாது, சேர்க்கைகளை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

விடையைச் சரிபார்க்க நான் இன்றும் செய்வது ஒன்று உண்டு. பிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டு வந்த 15.2 லட்சம்தான் கூரை. பிரிக்க முடியாதபோது வரும் விடை அதைத் தாண்டவே முடியாது. தாண்டினால் எங்கோ கூட்டல் தப்பு, இல்லையென்றால் பட்ஜெட் மீறியிருக்கிறது. அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொரு இடமும் வழுக்கும். பேக்கிங் மெஷினின் 15 லட்சத்தில் மெஷின் 12, தொடக்கத்தில் வேண்டிய ஒர்க்கிங் கேப்பிட்டல் 3 என்று கேள்வி பிரித்துக் கொடுத்தால், வகுக்கும் இடத்தில் 12 மட்டும் போட்டுவிடுவோம். பி.ஐ. 19.8 ÷ 12 = 1.65 என்று வரும், வரிசை மாறாது, அதனால் தப்பு கண்ணில் படாது. ஆனால் கையில் 8 லட்சம் மிஞ்சியதாகத் தோன்றும், அதைக் குளிர் அறையில் போட்டு 16.04 என்று முடிப்போம். அந்த 3 லட்சம் கடைசியில் திரும்பி வரும்தான், ஆனால் இன்றைய 50 லட்சத்திலிருந்துதானே போகிறது? வகுக்க வேண்டியது தட்டுப்பாடான பணத்தில் எவ்வளவு கரைகிறதோ அந்தத் தொகையால். இந்த வருடம், அடுத்த வருடம் இரண்டிலுமே பட்ஜெட் கட்டுப்பாடு என்றால் பி.ஐ. உதவாது, லீனியர் புரோகிராமிங் வேண்டும்.

அண்ணன் எழுந்து போவதற்கு முன் கடைசியாக ஒன்று கேட்டார். அரை வேன் வாங்க முடியாது, சரி. சோலார் பேனலைக் கொஞ்சமாகப் போட முடியாதா? சோலாரை மட்டும் பிரிக்கலாம் என்று வைத்து மறுபடி போட்டேன். பேக்கிங், அரவை இரண்டும் முழுதாக, மீதி 5 லட்சத்துக்குச் சோலாரில் கால் பங்கு: 4.8 + 9 + 1.25, மொத்தம் 15.05 லட்சம். விட்டுப்போன பேக்கிங் மெஷின் திரும்பி வந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தக் கணக்கில் பேனாவை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு திட்டத்தின் பக்கத்திலும் "பிரியும்", "பிரியாது" என்று எழுதிவிட்டுத்தான் பி.ஐ. போடுகிறேன்.