சிம் மாறினால் ஓடிபி யாருக்குப் போகும்? மாமாவின் நம்பரை மீட்ட அனுபவம்

எங்கள் மாமாவுக்கு வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ரெடிமேட் கடை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடையில் கூட்டம் நெரியும் நேரம், கடைப் பையன் போனிலிருந்து கூப்பிட்டார். "டேய், வாட்ஸ்அப் என்னமோ வெளியே தள்ளிடுச்சுடா, இந்த நம்பர் இந்த போன்ல இல்லேன்னு சொல்லுது, கொஞ்சம் வந்து பாரு."

போய்ப் பார்த்தால் போனில் சிக்னல் கோடே இல்லை, "No service" என்று நிற்கிறது. எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியவில்லை. கடையில் வைஃபை ஓடுவதால் வாட்ஸ்அப்பும் யூடியூபும் வழக்கம்போல வேலை செய்திருக்கின்றன. பணம் வந்தால் சத்தமாகச் சொல்லும் அந்தப் பெட்டிக்குத் தனி சிம், அதுவும் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. போனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று சந்தேகப்பட வழியே இல்லை.

இந்த இடத்தில் முதலில் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான்: இன்னொரு போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்பது. நான் கூப்பிட்டேன். எனக்கு ரிங் போகிறது, மாமாவின் போன் சும்மா கிடக்கிறது. வெறும் டவர் கோளாறு என்றால் இப்படி ரிங் போகாது. பக்கத்துக் கடைக்காரருக்கும் அதே கம்பெனி சிம்தான், அவருக்கு முழுச் சிக்னல். அப்போதே தெரிந்துவிட்டது, நம்பர் வேறு யாரோ கையில் இருக்கிறது.

கஸ்டமர் கேரில் வழக்கமான பல்லவிகளைத் தாண்டி ஓர் ஆளைப் பிடித்ததும் அவர் சொன்னார்: "சார், இன்னைக்கு மதியம் டூப்ளிகேட் சிம் கொடுத்திருக்கே, நீங்கதானே வாங்கினீங்க?" எங்கோ ஒரு கவுன்ட்டரில், சிம் தொலைந்துவிட்டது என்று மாமா பெயரில் யாரோ வாங்கியிருக்கிறார்கள். உடனே கேட்டது, நம்பரை முழுதாக முடக்குங்கள், போவதும் வருவதும் இரண்டும், புகார் எண் கொடுங்கள் என்பது.

ஓடிபி ஏன் இதில் தோற்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எஸ்எம்எஸ் உங்கள் போனைத் தேடி வருவதில்லை, நம்பரைத் தேடி வருகிறது. எந்த நம்பர் எந்த சிம்மில் இருக்கிறது என்பது கம்பெனியின் கணினியில் இருக்கும் ஒரு பதிவு, அவ்வளவுதான். புது சிம் கொடுக்கும்போது அந்தப் பதிவு மாறுகிறது, பழைய சிம் செத்துப்போகிறது, அதற்குப் பிறகு வரும் ஓடிபி எல்லாம் புது சிம்முக்கே போகும். மாமாவின் போனை யாரும் தொடவில்லை, வைரஸ் இல்லை, ஹேக்கிங் இல்லை. சிம்முக்குப் பின் நம்பர் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது, அது அந்த அட்டையைக் கழற்றி வேறு போனில் போடுவதைத்தான் தடுக்கும். உங்கள் கையில் இருப்பதாக வங்கி நம்புகிற பொருள், உண்மையில் ஒரு கவுன்ட்டர் ஊழியர் மாற்றிவிடக்கூடிய பதிவு.

வங்கியில் பணம் தப்பியது. கார்டின் பின்புறம் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டு நெட் பேங்கிங், கார்டு, யூபிஐ எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னபோது, புது இடத்திலிருந்து சரியான பாஸ்வேர்டோடு யாரோ நுழைய முயன்று ஓடிபி கட்டத்தில் நின்றிருப்பது தெரிந்தது. பாஸ்வேர்டு முன்பே போயிருக்கிறது, பார்சல் நிற்கிறது என்று வந்த ஒரு லிங்க்கில் மாமா விவரம் கொடுத்திருந்தார். ஓடிபி ஏன் போகவில்லை? சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த நம்பரில் எஸ்எம்எஸ் வரவும் போகவும் கூடாது என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு இருக்கிறது. அந்த 24 மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். சனிக்கிழமை சிக்னல் போய், சரி, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் ஞாயிறு மதியத்துக்குப் பிறகு ஓடிபி தாராளமாக அவனுக்குப் போயிருக்கும். வங்கி அனுப்பும் எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸும் அதே நம்பருக்குத்தானே, அதுவும் அவனுக்கே போயிருக்கும்.

ஆனால் அந்தத் தடை எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான், அழைப்புக்கு இல்லை. வாட்ஸ்அப்பில் எஸ்எம்எஸ் வரவில்லை என்றால் "கூப்பிட்டுச் சொல்" என்று கேட்கலாம், குரலில் ஆறு இலக்கம் சொல்லிவிடும். அதை வைத்துத்தான் வாட்ஸ்அப்பைப் பிடித்து, மாமாவுக்குச் சரக்கு அனுப்புகிறவர்களிடம் அவசரம் என்று பணம் கேட்க ஆரம்பித்துவிட்டான். அத்தனை பேருக்கும் நாங்கள் போன் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

பணம் போகாவிட்டாலும் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிட்டு, cybercrime.gov.in-இல் புகாரும் பதிவு செய்தோம். வங்கிக்கு எழுத்திலும் கொடுத்தோம். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, தவறு வங்கியிலோ வாடிக்கையாளரிடமோ இல்லாமல் வேறிடத்தில் நடந்து, தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்கிறது. அதனால் நேரம் குறித்த தாள் கையில் இருப்பது முக்கியம்.

மறுநாள் கம்பெனி ஷோரூமில் ஆதாரும் கைரேகையும் கொடுத்து நம்பரைத் திரும்ப வாங்கினோம். இப்போது அதே 24 மணி நேரத் தடை எங்களுக்கு! வாட்ஸ்அப் கோடை நாங்களும் அழைப்பில்தான் வாங்கினோம். கோடைப் போட்டதும் அவன் வெளியே போய்விட்டான், ஆனால் போவதற்கு முன் கோடுக்கு மேல் கேட்கும் இரண்டாம் பின் நம்பர் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தான். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும், காத்திருந்தோம். மாமாவே முன்னால் அந்தப் பின்னை வைத்திருந்தால், அழைப்பில் வந்த கோடு மட்டும் அவனுக்குப் போதாமல் போயிருக்கும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் பகுதிக்குள் "Two-step verification" என்று இருக்கிறது, இதைப் படிக்கிறவர்கள் இப்போதே வையுங்கள்.

அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நம்பரைக் கழற்றினோம். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் எல்லாம் அங்கேதான் வந்து விழுகிறது. அதற்கு ஆதென்டிகேட்டர் ஆப் போட்டோம். முதலில் ஸ்கேன் செய்யும் க்யூஆரில் ஒரு ரகசியச் சாவி போனுக்குள் வந்துவிடும், அதையும் கடிகாரத்தையும் வைத்து 30 நொடிக்கு ஒரு கோடைப் போனே கணக்கிட்டுக்கொள்ளும். எஸ்எம்எஸ் எதுவும் வருவதில்லை, சிம் மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. இங்கே பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள்: ஆப் போட்டுவிட்டு, மீட்புக்கான நம்பரை அப்படியே விட்டுவிட்டால் திருடன் "வேறு வழி" என்று அழுத்தி எஸ்எம்எஸ்ஸையே கேட்பான். அந்த நம்பரை நீக்கிவிட்டு, பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வைத்தோம். போலிப் பக்கத்தில் நாமே கோடைத் தட்டிவிட்டால் ஆப்பும் காப்பாற்றாது, அதனால் பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகையோ போன் லாக்கோ வைத்து நுழையும் பாஸ்கீ வசதி இருக்கும் இடத்தில் அதையே வைத்தோம், அது போலித் தளத்தில் வேலை செய்யாது.

வங்கியில் எஸ்எம்எஸ் ஓடிபியை நாம் நினைத்தபடி விட முடியாது. அங்கே செய்ய முடிந்தது, எச்சரிக்கைகளை மெயிலுக்கும் வரவைத்தது, ஒரு நாளைக்கு அனுப்பும் உச்சவரம்பைக் குறைத்தது, கார்டில் ஆன்லைன் வசதியை வேண்டும்போது மட்டும் திறப்பது.

பெரிய மாற்றம் நம்பரிலேயே. மாமாவின் நம்பர் கடை போர்டில், பில்லில், துணிப் பையில் எல்லாம் அச்சடித்திருக்கிறது, அதே நம்பர்தான் வங்கியிலும். யாருடைய சிம்மைக் கேட்க வேண்டும் என்று தேடவே வேண்டாம். இப்போது வங்கிக்கு யாருக்கும் கொடுக்காத தனி நம்பர், பழைய பட்டன் போன் ஒன்றில் போட்டு வைத்திருக்கிறார். அதைப் பயன்படுத்தாமல் வைத்தால் 90 நாளுக்குப் பிறகு கம்பெனி நிறுத்திவிட்டு, பின்னால் வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பதால், மாதம் பிறந்ததும் ரீசார்ஜ் செய்து அத்தைக்கு ஒரு கால் போடுவது அவர் வேலை.