சிரட்டைக்கரியும் வெங்காயப் பையும்: எங்கள் முன்பள்ளியில் ஒரு கைகழுவல் பாடம்

ஒக்டோபர் 15 உலக கைகழுவும் தினம். பாடம் நடத்தி, படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒவ்வொரு வருசமும் தகவல் வரும். இந்த முறை படத்துக்காக மட்டும் செய்யாமல் உண்மையிலேயே பிள்ளைகளுக்குப் பிடிபடுகிற மாதிரிச் செய்வோம் என்று நினைத்தேன். அதுதான் நான் விட்ட பிழை, இரண்டு கிழமை நித்திரை போய்விட்டது.

எங்கள் முன்பள்ளி பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. மூன்று வயது தொடக்கம் ஐந்து வயது வரை 22 பிள்ளைகள். கிணறு இருக்கிறது, குழாய் இல்லை. மாரி தொடங்காத நேரம், கிணற்றில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. வாளியில் அள்ளி வைத்துப் பேணியால் ஊற்றினால் ஒரு பிள்ளைக்கு ஊற்றும்போது மற்றது வாளிக்குள் கையை விட்டுவிடும். ஆகவே பைப் பூட்டிய பீப்பாய் ஒன்று கேட்டு நகரத்தில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். கடிதத்தில் முன்பள்ளியின் பதிவிலக்கம் இல்லை என்று அங்கிருந்த தம்பி திருப்பி அனுப்பினார். சரி, பதிவிலக்கத்தைப் போட்டுக்கொண்டு அடுத்த நாள் போனால் பெற்றோர் குழுத் தலைவரின் கையொப்பம் இருக்கிறது, முத்திரை இல்லையாம். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீங்கள் கேட்கேல்லையே ரீச்சர்" என்றார். இரண்டு நாள் பஸ் காசும் இரண்டு அரைநாளும் போனதுதான் மிச்சம்.

கடைசியில் ஒரு பிள்ளையின் அப்பா, மேசன் வேலை செய்பவர், 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றைச் சுரண்டிக் கழுவி, அடியிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் ஓட்டை போட்டு பைப் பூட்டித் தந்தார். அரை மணித்தியால வேலை. (அது கை கழுவ மட்டும். குடிக்கிற தண்ணீரை அதில் வைக்கக்கூடாது என்று வாளியிலேயே எழுதிவிட்டோம்.)

இனிச் செய்முறை. போனில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், தட்டில் தண்ணீர் விட்டு மிளகுதூள் தூவி, சவர்க்காரம் பூசிய விரலை வைத்தால் மிளகுதூள் நாலு பக்கமும் சிதறி ஓடுமே, அதைத்தான் முதலில் செய்தேன். முதல் தரம் அழகாக ஓடியது, பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்த பிள்ளை விரலை வைத்தால் ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீரில் ஒருக்கால் சவர்க்காரம் கலந்தால் மேற்பரப்பின் இழுவை குறைந்துவிடும், பிறகு ஓடுவதற்கு எதுவுமில்லை. ஒவ்வொரு தரமும் தட்டைக் கழுவித் தண்ணீரை மாற்ற வேண்டும், 22 பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரால் முடியும்?

அதுகூடப் பரவாயில்லை. மிளகுக் கூத்து முடிந்து கஞ்சி குடிக்கிற நேரம், மூன்றரை வயது வாண்டு ஒன்று சவர்க்காரத்தை ஒரு விரலால் தொட்டுவிட்டு என்னிடம் வந்து கையை விரித்துக் காட்டுகிறது, "கிருமி ஓடிட்டுது ரீச்சர்." தேய்க்கவும் இல்லை, கழுவவும் இல்லை. நான் படிப்பித்ததைத்தான் அவன் செய்தான். சவர்க்காரத்தைக் கண்டதும் கிருமி ஓடாது. அது கையில் இருக்கிற எண்ணெய்ப்பிசுக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சவர்க்காரம் பிடியைத் தளர்த்தும், தேய்க்கத்தான் கழன்று வரும், தண்ணீர்தான் கொண்டுபோகும். மிளகில் இந்த மூன்றும் தெரியாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைக் காட்டாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

அடுத்த நாள் மஞ்சள். தேங்காயெண்ணெயில் மஞ்சள்தூளைக் குழைத்து நாலு பிள்ளைகளின் கையில் பூசிவிட்டு, இதுதான் ஊத்தை, கழுவுங்கள் என்றேன். கட்டிச் சவர்க்காரத்தைப் போட்டுத் தேய்த்ததும் கை முழுக்கச் சிவப்பு! ஒரு பெண்பிள்ளை "ரத்தம்" என்று வீரிட, மற்ற மூன்றும் சேர்ந்து அழத் தொடங்கிவிட்டன. கூட்டிப்போக வந்த அம்மம்மா ஒருவர் வாசலில் நின்று "என்ன பிள்ளை, என்ன செய்து வச்சிருக்கிறாய்?" என்று என்னைக் கேட்கிறார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிற அதே சங்கதிதான், சவர்க்காரத்திலும் காரத்தன்மை இருக்கிறது. வீட்டில் தினமும் மஞ்சளோடு புழங்குகிற எனக்கு அது ஞாபகம் வரவில்லை. தவிர, எவ்வளவு நன்றாகக் கழுவினாலும் மஞ்சள் தோலில் ஊறி நிற்கும், ஒழுங்காகக் கழுவிய பிள்ளையும் தோற்ற மாதிரித்தான் தெரியும்.

கறுவாத்தூள் நல்லது என்று ஒரு தோழி சொன்னாள். எரியும், கண்ணைக் கசக்கினால் தொலைந்தோம். கடைசியில் கைகொடுத்தது சிரட்டைக்கரி. நன்றாக இடித்து, பழைய வேட்டித் துண்டில் சலித்து (சலிக்காவிட்டால் கரகரவென்று கையைக் கீறும்), தேங்காயெண்ணெயில் குழைத்து, சேட்டுப் பொத்தான் அளவு ஒரு பொட்டு. அதைப் பிள்ளை இரண்டு கையிலும் தானே பூச வேண்டும். எண்ணெய் மிஞ்சினால் ஓடும், கரி மிஞ்சினால் உதிரும். அப்பாவின் பழைய சேட்டை முன்பக்கம் பின்னால் வருகிற மாதிரிப் போட்டுவிடுங்கள். நான் முதல் நாள் மறந்து, மூன்று அம்மாமாரிடம் பேச்சு வாங்கினேன்.

மூன்று பிள்ளைகளை முன்னால் நிற்பாட்டினேன். முதலாவது பிள்ளை வெறும் தண்ணீரில் கழுவியது. தண்ணீர் சேம்பிலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடியதே தவிர, கரி அப்படியே. இரண்டாவது பிள்ளை சவர்க்காரம் போட்டு, தன் பாட்டுக்கு, வழமை போல. உள்ளங்கை பளிச்சென்று இருந்தது, பெருவிரலும் விரலிடுக்கும் நகக்கண்ணும் கறுப்பு. மூன்றாவது பிள்ளை, தேய்க்கும்போது பாடுவதற்கு நான் கட்டிய பாட்டோடு. நான் ஒன்றும் விளக்கவில்லை. மூன்று சோடிக் கையையும் வெள்ளைத் தாளின் மேல் வைக்கச் சொன்னேன், மற்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "இஞ்ச பார், அவன்ர பெருவிரல்" என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

பாட்டிலும் ஒரு பிழை நடந்தது. தேய்ப்பதற்கு மட்டும் 20 செக்கன் வேண்டும் என்பதற்காக வீட்டில் போனில் நேரம் பிடித்துத்தான் கட்டினேன், 22 செக்கன் வந்தது. பிள்ளைகள் பாடினால் 12 செக்கனில் முடிந்துவிட்டது! கூட்டமாகப் பாடும்போது ஓட்டப்போட்டி ஆகிவிடுகிறது. இன்னொன்று, "கை தட்டு" என்று ஒரு அடி வைத்திருந்தேன், அந்த இடத்தில் தேய்ப்பதை விட்டுத் தட்டத் தொடங்கிவிடுவார்கள், நுரை எல்லாம் முகத்தில். அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு அடியையும் இரண்டு தரம் பாட வைத்தேன்:

உள்ளங்கை உரசு உரசு, நுரை வரட்டும்
புறங்கை புரட்டு புரட்டு, கரி போகட்டும்
விரலுக்குள்ளே விரலைக் கோத்து வலை பின்னு
பெருவிரலைப் பிடித்துத் திருகு, திறப்புப் போல
நகத்தாலே கிளறு கிளறு, கோழி போல

கடைசி அடிக்கு எல்லோரும் உள்ளங்கையில் விரல்நுனியால் கிளறிக்கொண்டு கொக்கரிப்பார்கள். நகக்கண் கழுவு என்று ஒரு வருசமாகச் சொல்லியும் நடக்காதது கோழி என்றதும் நடந்தது. பாடும்போது பைப்பை மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாளி பத்துப் பேரோடு காலி. கையை நனை, மூடு, சவர்க்காரம், பாட்டு, பிறகு திற. ஊத்தைக் கையால் திறந்த பைப்பைக் கழுவிய கையால் திரும்பப் பிடிக்காமலிருக்க, ஒவ்வொரு நாளும் ஒரு பிள்ளை 'தண்ணிக்காரர்'. அந்த வேலைக்கு அடிபிடி.

நுரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், கேத்தலில் வெள்ளையாகப் படை படியும். அதிலிருக்கிற கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து பால் திரைந்த மாதிரி ஆகிவிடும், நுரை வராது. "நுரை வரட்டும்" என்று பாடிக்கொண்டு நுரை வராத கையைப் பார்த்து நின்ற பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நுரை இல்லாமலும் ஊத்தை போகும், ஆனால் சவர்க்காரத்தில் ஒரு பங்கைத் தண்ணீரே தின்றுவிடுவதால் கூடப் போட வேண்டும். வெங்காயம் வருகிற வலைப்பையில் கட்டியைப் போட்டு பைப்பில் தொங்கவிட்டேன், வலையோடு சேர்த்து உரசினால் பிசுபிசுவென்று கை நிறைய வருகிறது. இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு முன் இரண்டு கட்டிகளைக் காகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ஒன்றைப் பிள்ளைகள் பாலைமரத்தடியில் கண்டெடுத்தார்கள், கொத்தின அடையாளத்தோடு.

சோதிப்பது இலேசு. கரி பூசிக் கழுவிய பிறகு ஈரக் கையை வெள்ளைத் தாளில் அமத்த வேண்டும், கறுப்பு விழுந்தால் திரும்பப் பைப்படிக்கு. ஆனால் அது கழுவத் தெரியுமா என்பதைத்தான் காட்டும், கழுவுகிறார்களா என்பதைக் காட்டாது. அதற்கு ஒரு கிழமை கழித்து, ஒன்றும் சொல்லாமல், கஞ்சி நேரத்தில் கொப்பியோடு தள்ளி இருந்தேன். பார்த்தது மூன்றே மூன்று: சவர்க்காரம் தொட்டதா, பெருவிரல் திருகியதா, கையை எங்கே துடைத்தது. 22 பேரில் 19 பேர் சவர்க்காரம், 13 பேர் பெருவிரல். மூன்றாவதில்தான் கவிழ்ந்தோம். முக்கால்வாசிப் பேர் காற்சட்டையிலும் சட்டையிலும் துடைத்துவிட்டு வந்து இருந்தார்கள், காலையிலிருந்து மணலில் புரண்ட அதே உடுப்பு. பாட்டு தேய்ப்பதோடு முடிகிறது, துடைப்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன? பொதுத் துவாய் தொங்கவிட்டால் எல்லோருடைய ஊத்தையும் எல்லோருக்கும் போகும். ஆகவே "உதறு உதறு, கொக்குப் போல" என்று ஒரு அடி சேர்த்து, காய்கிற வரை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி ஒரு நடை. இந்தக் கிழமை சட்டையில் துடைத்தது நாலு பேர்தான்.

நேற்று அலுவலகத்திலிருந்து கோல் வந்தது. பீப்பாய் வந்திருக்கிறதாம், வந்து கையொப்பம் போட்டு எடுக்கட்டாம். பைப் பூட்டியிருக்கிறதா என்று இந்த முறை நான் கேட்டேன். இல்லையாம்.