வேர்ஹவுஸிலிருந்து பிளானிங்குக்கு: சிபிஐஎம் தேர்வில் நான் தோற்றதும் தேறியதும்

ஏழு வருடம் வேர்ஹவுஸ் சூப்பர்வைசராக இருந்துவிட்டு பிளானிங் பக்கம் போக ஆசைப்பட்டபோது, முதலில் என் கண்ணில் பட்டது சிஎல்டிடி. ஏஎஸ்சிஎம் அமைப்பு, அதாவது முன்பு ஏபிக்ஸ் என்று இருந்ததே, அது தரும் சான்றிதழ். போக்குவரத்து, கிடங்கு, விநியோகம் என்று எல்லாம் தெரிந்த விஷயமாக இருந்ததால் சுலபமாக முடித்துவிடலாம் என்று தோன்றியது. எங்கள் பிளானிங் மேனேஜர்தான் தடுத்தார். "உங்களுக்குக் கிடங்கு தெரியும்னு எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாததைப் படிச்சுட்டு வாங்க" என்றார். பர்ச்சேஸ் பக்கம் போகலாமா என்று சிபிஎஸ்எம்மையும் பார்த்தேன். அதில் மூன்று தேர்வுகள், அதோடு பட்டம் இருந்தால் 3 வருடம், இல்லாவிட்டால் 5 வருடம் கொள்முதல் சார்ந்த முழுநேர அனுபவம் வேண்டும், குமாஸ்தா வேலை அந்தக் கணக்கில் வராது. வந்த சரக்கை இறக்கி வைத்து அனுப்பிய என் ஏழு வருடத்தை வைத்து அதை நிரூபிக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதனால் அதே ஏஎஸ்சிஎம் திட்டமிடலுக்கும் இருப்பு நிர்வாகத்துக்கும் தரும் சான்றிதழான சிபிஐஎம் என்று முடிவு செய்தேன்.

இப்போது சிபிஐஎம் ஒரே தேர்வு: 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். மதிப்பெண் 200 முதல் 350 வரை, 300 எடுத்தால் தேர்ச்சி. முதல் முறை எனக்கு வந்தது 288. நேரம் போதாமல் தோற்கவில்லை, பழக்கத்தால்தான் தோற்றேன். சரக்கைப் பகுதி பகுதியாக எண்ணிப் பார்க்கும் சைக்கிள் கவுண்ட்டில் இருப்பு ஒத்துப்போகாவிட்டால் முதலில் என்ன செய்வீர்கள் என்று யாராவது கேட்டால், கணினியில் எண்ணைத் திருத்துவேன் என்றுதான் என் கை சொல்லும். பாடம் சொல்வது வேறு: மறுபடி எண்ணு, பதிவாகாமல் நிற்கும் பரிவர்த்தனை இருக்கிறதா என்று பார், அப்புறம் தவறு எங்கே பிறந்தது என்று தேடு. எண்ணைத் திருத்துவது அதற்குப் பிறகுதான். மாதிரித் தேர்வுகளைத் திரும்பப் பார்த்தபோது, நான் தவறவிட்டவற்றில் பெரும்பாலானவை இப்படி அன்றாட வேலை வேகத்தில் பதில் போட்டவைதான்.

அடுத்த சிக்கல் எம்ஆர்பி, அதாவது எந்தப் பொருளை எப்போது, எவ்வளவு ஆர்டர் போட வேண்டும் என்று கணக்கிடும் முறை. படிக்கும்போது புரிவது போலவே இருக்கும், போட்டுப் பார்த்தால் தவறும். மனப்பாடம் செய்வதை நிறுத்திவிட்டு, தினமும் ஒரு பொருளை எடுத்துத் தாளில் கணக்குப் போட்டேன். ஒரு பொருளைச் சொல்கிறேன். கையிருப்பு 120, எதிர்பாராத தேவைக்கென எப்போதும் மிச்சம் வைக்க வேண்டிய சேஃப்டி ஸ்டாக் 20, ஆர்டர் அளவு 100, ஆர்டர் போட்டதிலிருந்து சரக்கு வர ஆகும் லீட் டைம் 2 வாரம். ஏற்கெனவே போட்ட ஆர்டர் 100 இரண்டாவது வாரம் வருகிறது. நான்கு வாரத் தேவை 60, 50, 80, 70. முதல் வார முடிவில் 60 மிஞ்சும், இரண்டாவதில் 110, மூன்றாவதில் 30. நான்காவது வாரம் 70 கேட்கிறார்கள், அதற்கு 40 குறைகிறது, அதோடு சேஃப்டி ஸ்டாக்கும் காக்க வேண்டும், ஆக நிகரத் தேவை 60. ஆர்டர் 100ஆகத்தான் போட முடியும். சரக்கு நான்காவது வாரம் வர வேண்டுமானால் இரண்டாவது வாரமே ஆர்டர் போக வேண்டும்.

இங்கேதான் என் கிடங்கு அனுபவம் உதவிக்கு வந்தது. கணினியில் 120 என்று இருக்கிறது, ஆனால் ரேக்கில் உண்மையில் 100தான் என்று வைத்துக்கொண்டு அதே தாளில் மறுபடி போட்டேன். மிச்சம் 40, 90, 10 என்று வருகிறது. மூன்றாவது வாரமே சேஃப்டி ஸ்டாக்குக்குக் கீழே போய்விடுகிறது, அதனால் ஆர்டர் முதல் வாரமே போயிருக்க வேண்டும். குறையை இரண்டாவது வாரம் எண்ணும்போதுதான் கண்டுபிடிக்கிறோம் என்றால், அந்தத் தேதி ஏற்கெனவே கடந்துவிட்டது. அவசரப்படுத்தாமல் அன்றே ஆர்டர் போட்டாலும் நான்காவது வாரம்தான் வரும், மூன்றாவது வாரத்தை வெறும் 10 உபரியோடு தாண்ட வேண்டும். வேறு பெட்டியில் போட்டுவிட்ட 20 உருப்படிகள் ஒரு முழு வாரத்தைத் தின்றுவிடுகின்றன! இத்தனை வருடம் "அட்ஜஸ்ட்மென்ட் போட்டாச்சு" என்று சொல்லி நகர்ந்த ஒவ்வொரு தடவையும் பிளானிங் மேஜையில் என்ன நடந்திருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அதற்காக எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இரண்டாவது முறை 309.

சான்றிதழ் வந்ததால் மட்டும் யாரும் கூப்பிடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை, மற்ற இடங்களில் பிளானராக வேலை பார்த்த அனுபவம் கேட்டார்கள். கடைசியில் எங்கள் நிறுவனத்திலேயே ஒரு இடம் காலியானது. நேர்காணலில் எம்ஆர்பிக்கு விளக்கம் கேட்பார்கள் என்று தயாராகப் போனேன், அவர்கள் கேட்டது "லீட் டைம் 2 வாரம்னு சிஸ்டத்துல இருக்கு, அதை நம்புவீங்களா?" என்று. நம்ப மாட்டேன், ஆர்டர் தேதியையும் சரக்கு இறங்கிய தேதியையும் எடுத்து ஒவ்வொரு ஆர்டருக்கும் கழித்துப் பார்ப்பேன், அதோடு இறங்கிய சரக்கு தரப் பரிசோதனை முடிந்து ரேக்குக்குப் போக எங்கள் கிடங்கில் இரண்டு, மூன்று நாள் ஆகிறது, அது அந்த 2 வாரத்தில் சேரவில்லை என்றேன். அறையில் இருந்த யாருக்கும் அந்த இரண்டு, மூன்று நாள் விஷயம் தெரிந்திருக்கவில்லை. அடுத்த மாதம் அந்த மேஜையில் உட்கார்ந்து நான் முதலில் திருத்தியது அந்த லீட் டைம் பட்டியலைத்தான்.