முதல் பத்து கிலோமீட்டரில் சேர்த்த 128 விநாடி

ஜனவரி மாத ஞாயிறு ஒன்றில், சென்னைக் கடற்கரைச் சாலையில் அரை மராத்தான், அதாவது 21.0975 கிலோமீட்டர், ஓடினேன். காலை 5 மணிக்குப் புறப்பாடு. 1 மணி 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதற்காகப் பதினான்கு வாரம் பயிற்சி எடுத்திருந்தேன். முடித்த நேரம் 1:53:23. இலக்கைவிட 203 விநாடி அதிகம். அந்த 203 விநாடி எங்கே போனது என்று ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். முதல்முறை நேரம் குறிவைத்து அரை மராத்தான் ஓடப்போகிறவர்களுக்கு அந்தக் கணக்கு உதவும்.

இலக்கு பேராசை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரத்துக்கு முன் 10 கிலோமீட்டரை 49:30க்கு ஓடியிருந்தேன். ஒரு தூரத்தில் ஓடிய நேரத்தை வைத்து இன்னொரு தூரத்துக்கான நேரத்தைக் கணிக்க, பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977இல் வெளியிட்ட எளிய சூத்திரம் ஒன்று உண்டு:

T2 = T1 × (D2 / D1)^1.06

T1, D1 ஏற்கெனவே ஓடிய நேரமும் தூரமும்; T2, D2 கணிக்க வேண்டிய நேரமும் அதன் தூரமும். என் 10 கிலோமீட்டர் நேரத்தை இதில் போட்டால் அரை மராத்தானுக்கு 1:49:13 வருகிறது. ஆக, 1:50 என்னால் முடியக்கூடியதுதான். அதற்குத் தேவையான சராசரி பேஸ், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 13 விநாடி.

உண்மையில் ஓடியது இப்படி:

முதல் 5 கி.மீ.: 24:35 (கிலோமீட்டருக்கு 4:55)
5 முதல் 10 வரை: 25:25 (5:05)
10 முதல் 15 வரை: 26:35 (5:19)
15 முதல் 20 வரை: 30:00 (6:00)
கடைசி 1.0975: 6:48

வாட்சில் தானாக லேப் விழுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போதும் நானே பொத்தானை அழுத்தினேன். அதனால் இவை சாலையில் அளந்து வைத்த தூரத்துக்கான நேரங்கள். ஜி.பி.எஸ். கணக்கில் அன்று நான் ஓடியது 21.32 கிலோமீட்டர். பந்தயப் பாதையை வளைவுகளின் உள்விளிம்பை ஒட்டி, மிகக் குறுகிய வழியில் அளப்பார்கள். நாம் கூட்டத்துக்குள் விலகி விலகி ஓடுவதால் தூரம் கொஞ்சம் கூடிவிடும், ஜி.பி.எஸ். பிழையும் அதோடு சேரும். வாட்ச் காட்டும் 5:13ஐ மட்டும் நம்பிக் கடைசிவரை ஓடியிருந்தாலும் 1:51:13தான் வந்திருக்கும். வாட்சைப் பார்த்து ஓடுகிறவர்கள் இலக்கு பேஸிலிருந்து மூன்று, நான்கு விநாடி குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

இனி முக்கியமான இடம். முதல் கிலோமீட்டர் 4:52, இரண்டாவது 4:50. மூன்று நாள் ஓய்வெடுத்த கால்கள், இருட்டு, இதமான காற்று, சுற்றிலும் ஆட்கள். மூச்சு வாங்கவே இல்லை. 1:50 என்று எழுதிய கொடியோடு, அந்த நேரத்தில் முடிக்கும் சீரான வேகத்தில் ஓடி வழிகாட்டும் பேஸரை முதல் கிலோமீட்டரிலேயே தாண்டிவிட்டேன். வேகமாகப் போகிறோம் என்பது தெரிந்துதான் ஓடினேன். "இப்போது ஒரு நிமிடம் சேர்த்து வைத்துக்கொண்டால், கடைசியில் கொஞ்சம் தளர்ந்தாலும் ஈடுகட்டிவிடலாம்" என்பது என் கணக்கு. 10 கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது சரியாக 50:00. திட்டத்தைவிட 128 விநாடி முன்னால் இருந்தேன். என் சிறந்த 10 கிலோமீட்டர் நேரத்தோடு ஒப்பிட்டால் வெறும் 30 விநாடிதான் வித்தியாசம். இன்னும் 11 கிலோமீட்டர் பாக்கி இருக்கும்போது கிட்டத்தட்ட ஒரு முழு 10 கி.மீ. பந்தயத்தை ஓடி முடித்திருக்கிறேன் என்ற அர்த்தம் அப்போது உறைக்கவில்லை.

மீதி 11.0975 கிலோமீட்டரில் இழந்தது 331 விநாடி. முதல் பாதியில் சேர்த்த ஒவ்வொரு விநாடிக்கும் இரண்டரை விநாடிக்கு மேல் திருப்பிக் கட்டியிருக்கிறேன்.

ஏன் ஒன்றுக்கு ஒன்று என்று போகாமல் இரண்டரை மடங்கு? ஒருவர் உச்ச முயற்சியில் சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகத்தை ஓட்டக்காரர்கள் த்ரெஷோல்டு பேஸ் என்பார்கள். அதற்குக் கீழே ஓடும்வரை தசையில் உண்டாகும் லாக்டேட்டை உடல் உடனுக்குடன் பயன்படுத்திக்கொள்ளும். அதைத் தாண்டினால் அது தேங்க ஆரம்பிக்கும், மாவுச்சத்து வேகமாகக் கரையும், தசை சீக்கிரம் சோர்ந்துவிடும். அதே ரீகல் சூத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தால், எனக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் வருகிறது. அதாவது நான் தாண்டக் கூடாத த்ரெஷோல்டு கோடு கிலோமீட்டருக்கு 5:00. இலக்கு பேஸான 5:13 கோட்டுக்குள் இருக்கிறது. நான் ஓடிய முதல் நான்கு கிலோமீட்டரும் கோட்டுக்கு வெளியே, ஐந்தாவது சரியாகக் கோட்டின் மேல். 18 விநாடி வேகமாக ஓடியது என்பதைவிட, எந்தக் கோட்டைத் தாண்டி ஓடினேன் என்பதே பெரிய விஷயம். அதே 18 விநாடியை 5:31க்கும் 5:13க்கும் நடுவில் கூட்டியிருந்தால் உடல் கண்டுகொண்டிருக்காது.

நெஞ்சில் கட்டியிருந்த பட்டை காட்டிய இதயத் துடிப்பும் இதையே சொல்கிறது. பயிற்சியில் 5:13 பேஸில் என் துடிப்பு 166 அருகில் நிற்கும். அன்று மூன்றாவது கிலோமீட்டரிலேயே 174. அந்த எண்ணைப் பார்த்தேன், பந்தயப் பரபரப்பு என்று நினைத்துக்கொண்டேன். முதல் கிலோமீட்டரில் அப்படி நினைப்பது சரி, பரபரப்பில் துடிப்பு கூடத்தான் செய்யும். மூன்றாவது கிலோமீட்டரிலும் இறங்கவில்லை என்றால் காரணம் வேகம்தான்.

ஓடி முடித்தவுடன் நண்பர்களிடம் நான் சொன்ன காரணம் வெயில். கிலோமீட்டர்வாரியான நேரங்கள் அதை ஏற்கவில்லை. 15 கிலோமீட்டர் பலகையைத் தாண்டும்போது மணி 6:16. சென்னையில் ஜனவரி முதல் பாதியில் சூரியன் உதிக்கவே ஆறரை ஆகும். அதற்குள் என் வேகம் 4:52இலிருந்து 5:28க்கு இறங்கிவிட்டது, அதுவும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இரண்டு விநாடி, மூன்று விநாடி, ஆறு விநாடி என்று படிப்படியாக. காற்றின் ஈரம் உடலைச் சூடாக்கியிருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் அதே ஈரத்தில்தான் பதினான்கு வாரமும் பயிற்சி செய்தேன்.

16ஆவது கிலோமீட்டரிலிருந்து நிலைமை வேறு. 5:36, 5:47, 6:02, 6:14, 6:21. திட்டத்துக்கு முன்னால் இருந்த சேமிப்பு 18ஆவது கிலோமீட்டரில் தீர்ந்தது. அதை வாட்ச் சொல்வதற்கு முன் அந்தப் பேஸரே சொல்லிவிட்டார். பின்னாலிருந்து சீரான காலடிச் சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் அதே கொடி. "வாங்கண்ணா, அப்படியே பின்னாடி ஒட்டிக்கோங்க" என்று கையசைத்தார். தொடையை உயர்த்த முயன்றேன். பத்து அடி, இருபது அடி, அவ்வளவுதான். அவர் முகத்தில் சிரமமே தெரியவில்லை. முதல் கிலோமீட்டரில் நான் தாண்டியபோது எந்த வேகத்தில் ஓடினாரோ, அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் உடலில் எது கைவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. வேகம் என்பது நிமிடத்துக்கு எத்தனை காலடி, ஒவ்வொரு காலடியும் எவ்வளவு நீளம் என்ற இரண்டின் பெருக்கல். முதல் ஐந்து கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 176 அடி, அடி நீளம் 1.16 மீட்டர். 19ஆவது கிலோமீட்டரில் 169 அடி, நீளம் 0.95 மீட்டர். அடிகளின் எண்ணிக்கை 4 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, நீளம் 18 சதவீதம் சுருங்கியிருக்கிறது. கால் தரையை உந்தித் தள்ளவில்லை, மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறேன். துடிப்பும் 14ஆவது கிலோமீட்டரில் 180 இருந்தது, 19இல் 175க்கு இறங்கியிருந்தது. உடல் சூடு மட்டும் காரணமாக இருந்தால் வேகம் குறைந்தும் துடிப்பு இறங்காமல் நிற்கும். இங்கே இரண்டும் சேர்ந்தே இறங்கின. இதயத்துக்கு இன்னும் இடம் இருந்தது, கால்களுக்கு இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயிற்சியில் நான் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 16 கிலோமீட்டர். அடி நீளம் சுருங்கத் தொடங்கியதும் அதே 16ஐத் தாண்டிய பிறகுதான். அதனால் எல்லாப் பழியையும் வேகமான தொடக்கத்தின் மேல் போட முடியாது. 11 முதல் 15 வரை மெல்லச் சரிந்ததற்குத் தொடக்கம்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் அந்தத் தூரம் கால்களுக்குப் பழகிய தூரம். 16க்குப் பிறகு வந்த சரிவில் இரண்டும் கலந்திருக்கின்றன. ஒரே ஒரு பந்தயத்தின் எண்களை வைத்து அவற்றைப் பிரிக்க முடியாது.

முதல் பாதியை 52:51க்கும் இரண்டாம் பாதியை 1:00:32க்கும் ஓடியிருக்கிறேன். இரண்டாம் பாதி 14.5 சதவீதம் மெதுவு. முழு மராத்தானில் கென்ய ஓட்டக்காரர் எலியுட் கிப்சோகே 2022 பெர்லினில் உலக சாதனை படைத்தபோது முதல் பாதி 59:51, இரண்டாம் பாதி 1:01:18. அவருக்கும் சரிவுதான், ஆனால் 2.4 சதவீதம். அடுத்த ஆண்டு சிகாகோவில் அதை முறியடித்த இன்னொரு கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டம் 1:00:48, 59:47 என்று பின்பாதியை வேகமாக ஓடினார். மூன்று சதவீதத்துக்குள் சரிவு இருந்தால் நல்ல பந்தயம் என்றே எடுத்துக்கொள்வேன். ஏழெட்டு சதவீதத்தைத் தாண்டினால் தொடக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்த பந்தயத்துக்கு ஒன்பது வாரம் இருக்கிறது. ஞாயிறு ஓட்டத்தை 16இலிருந்து 18, 19, 20 என்று நீட்டுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதில் கடைசி 6 கிலோமீட்டரை 5:10இல் ஓடுகிறேன், சோர்ந்த காலில் அடி நீளம் 1.10 மீட்டருக்குக் கீழே போகாமல் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. போன ஞாயிறு 18 கிலோமீட்டரில் 1.11 நின்றது. பந்தயத்தன்று கைமணிக்கட்டில் பேனாவால் எழுதிக்கொள்ளப்போகும் நேரங்கள்: 5 கிலோமீட்டர் 26:25, 10 கிலோமீட்டர் 52:20, 15 கிலோமீட்டர் 1:18:10, 20 கிலோமீட்டர் 1:44:05. இதில் 26:25க்கு முன்னால் 5 கிலோமீட்டர் பலகை வந்துவிட்டால், ஆறாவது கிலோமீட்டரை 5:20இல் ஓடுவேன்.